மணிக்கு 0.2 யூனிட்

2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்து மாமா போன் செய்தார். பன்னிரண்டு வருஷம் உழைத்த படுக்கையறை ஏசியின் கம்ப்ரசர் போய்விட்டது. புதிது வாங்கக் கடைக்குப் போனவர், கடை வாசலில் நின்றபடி என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"மாப்ள, இன்வெர்ட்டர் ஏசின்னா கரண்ட் போனாலும் ஓடுமா?"

ஓடாது என்றேன். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் என்றால் பேட்டரியோடு மூலையில் உட்கார்ந்திருக்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். ஏசியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். கம்ப்ரசர் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணு போர்டுக்கு அங்கே அந்தப் பெயர். மாமாவின் அடுத்த கேள்விதான் முக்கியமானது. "சாதா ஏசி முப்பத்தோராயிரம். அஞ்சு ஸ்டார் இன்வெர்ட்டர் நாப்பத்திரண்டாயிரம். பாதி கரண்ட் மிச்சம்னு சொல்றாங்க. பதினோராயிரம் கூடக் கொடுக்கலாமா?"

ஒரு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, கடந்த வருஷத்து மின் கட்டண ரசீதுகளையும் இரண்டு ஏசியிலும் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். இந்தக் கேள்விக்குக் கடைக்காரரால் பதில் சொல்ல முடியாது. அவர் தப்பானவர் என்பதால் அல்ல. பதில் மாமாவின் வீட்டு மீட்டரில் இருக்கிறது.

இரண்டு ஏசிக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்த்துவிடலாம். சாதா ஏசியின் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். ஓடினால் முழு வேகத்தில் ஓடும். அறை குளிர்ந்ததும் நிற்கும், சூடேறியதும் மறுபடி கிளம்பும். இன்வெர்ட்டர் ஏசி அறை குளிரக் குளிர வேகத்தைக் குறைத்துக்கொண்டு, நிற்காமல் மெதுவாக ஓடும். நின்று நின்று கிளம்புவதில்தான் கரண்ட் வீணாகிறது என்று பலரும் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கேஸின் அழுத்தம் பழைய நிலைக்கு ஏறிச் சேரச் சில நிமிடங்கள் ஆகின்றன, அதுவரை குளிர்ச்சி சரியாக வராது. ஆனால் மிச்சத்தின் பெரிய பங்கு வேறொரு காரணத்தால் வருகிறது.

கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை குடம் என்பது மட்டுமல்ல, கிணறு எவ்வளவு ஆழம் என்பதும் கையின் வலியைத் தீர்மானிக்கிறது. ஏசி இறைப்பது அறையின் சூட்டை. உள்ளே இருக்கும் சுருளின் குளிருக்கும் வெளியே இருக்கும் சுருளின் சூட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் இங்கே கிணற்றின் ஆழம். கம்ப்ரசர் பாதி வேகத்தில் ஓடும்போது அதே பெரிய சுருள்கள் பாதிச் சூட்டை மட்டுமே கையாள்கின்றன. அதனால் வெளிச் சுருள் அவ்வளவு கொதிக்க வேண்டியதில்லை, உள் சுருள் அவ்வளவு சில்லிட வேண்டியதில்லை. ஆழம் குறைகிறது. ஒவ்வொரு குடத்துக்கும் பிடிக்கும் கரண்ட் குறைகிறது.

இதிலிருந்தே இன்வெர்ட்டர் எப்போது மிச்சப்படுத்தாது என்பதும் தெரிந்துவிடும். அறை பெரிதாகவும் ஏசி சிறிதாகவும் இருந்தால், அல்லது மொட்டை மாடிக்கு நேர் கீழே வெயில் குடித்த கூரையோடு மதியம் போட்டால், கம்ப்ரசர் வேகத்தைக் குறைக்கும் நேரமே வராது. சாப்பிடும்போது அரை மணி நேரம் போட்டு அணைப்பவருக்கும் அதே கதைதான். இரவு முழுக்க மூடிய படுக்கையறையில் ஓடுவதே இன்வெர்ட்டருக்கு உகந்த வேலை. மாமா வீட்டு வேலை அதுதான்.

படங்கள் வந்து சேர்ந்தன. லேபிளில் நட்சத்திரங்களை விடச் சின்ன எழுத்தில் இருக்கும் ஓர் எண்ணை நான் முதலில் பார்ப்பேன்: ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பது. ஏசியை வருஷத்தில் 1,600 மணி நேரம் ஓட்டுவதாக வைத்து, வெளி வெப்பம் 24 முதல் 43 டிகிரி வரை மாறும் நிலைகளுக்குக் கணக்கிட்டு அந்த எண்ணைப் போடுகிறார்கள். 2018 முதல் சாதா ஏசிக்கும் இன்வெர்ட்டர் ஏசிக்கும் ஒரே அளவுகோல்தான். ஆகவே இரண்டு எண்களையும் நேராக ஒப்பிடலாம். ஸ்டார்களை அப்படி ஒப்பிட முடியாது, ஏனென்றால் ஸ்டாருக்கான வரம்பைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை உயர்த்துகிறார்கள். பழைய ஐந்து ஸ்டார் புதிய அட்டவணையில் நான்காகவோ மூன்றாகவோ இறங்கிவிடும்.

மாமா பார்த்த ஒன்றரை டன் சாதா ஏசியின் லேபிளில் 1,090 யூனிட். இன்வெர்ட்டரில் 770. வித்தியாசம் 320. பாதி மிச்சம் என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது. மிச்சம் பத்தில் மூன்று பங்குதான். 320 யூனிட்டை 1,600 மணி நேரத்தால் வகுத்தால், ஏசி ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 0.2 யூனிட் மிச்சம் என்று வருகிறது. எனக்கு வேண்டியது இந்த எண்தான். இனி இரண்டே கேள்விகள்: வருஷத்தில் எத்தனை மணி நேரம், மிச்சமாகும் யூனிட் என்ன விலை.

மணி நேரத்தை அத்தைதான் சரியாகச் சொன்னார். மார்ச் நடுவிலிருந்து ஜூலை நடு வரை தினமும் இரவு எட்டு மணி நேரம். அதற்கடுத்த இரண்டு மாதத்தில் புழுக்கம் பொறுக்காத நாற்பது இரவுகள், ஆறு ஆறு மணி நேரம். பிறகு மழையும் பனியும் வந்துவிட்டால் மின்விசிறி போதும். கூட்டினால் 1,200 மணி நேரம், அதாவது வருஷத்துக்கு 240 யூனிட் மிச்சம்.

யூனிட்டின் விலையில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ரசீதில் உள்ள மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, "யூனிட் அஞ்சு ரூபாய்தானே" என்பார்கள். தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே வீட்டு மின்சாரம் படிப்படியாக விலை ஏறும் சரக்கு. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த நூறு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45 என்று ஏறிக்கொண்டே போகும். மின்விசிறி, பிரிட்ஜ், மோட்டார் எல்லாம் கீழ்ப் படிகளை நிரப்பிவிடுகின்றன. ஏசி வந்து உட்காருவது மேல்படியில். அதில் மிச்சமாகும் யூனிட்டும் மேல்படி யூனிட்தான்.

இன்னொரு பள்ளமும் உண்டு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், இரண்டாவது நூறுக்குக் கிடைக்கும் பாதி விலைச் சலுகை போய்விடும். அந்த நூறும் 4.70 ஆகிறது. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டியவர் 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் கட்ட வேண்டும். ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்!

இதை மாமாவின் ரசீதில் பொருத்திப் பார்த்தேன். ஏசி ஓடாத டிசம்பர், ஜனவரியில் அவர் வீட்டுச் செலவு 360 யூனிட். கோடையில் இரண்டு மாதத்துக்கு 60 இரவுகள், 480 மணி நேரம். சாதா ஏசி என்றால் 327 யூனிட் சேர்ந்து 687 ஆகும். கட்டணம் 3,702 ரூபாய். இன்வெர்ட்டர் என்றால் 231 சேர்ந்து 591. கட்டணம் 2,804 ரூபாய். 96 யூனிட் குறைந்ததில் 898 ரூபாய் மிச்சம். சராசரி விலையில் கணக்குப் போட்டிருந்தால் 520 ரூபாய்கூட வந்திருக்காது. கோடையில் இப்படி இரண்டு ரசீதுகள்.

மூன்றாவது ரசீது என்னையே ஆச்சரியப்படுத்தியது. நாற்பது இரவுகள் மட்டும் ஓடும் அந்த இரண்டு மாதத்தில் சாதா ஏசி 524 யூனிட்டில் கொண்டுபோய் விடுகிறது, இன்வெர்ட்டர் 476-ல் நிறுத்துகிறது. குறைந்தது 48 யூனிட்தான். ஆனால் 500 என்ற கோடு நடுவில் விழுவதால் மிச்சம் 588 ரூபாய், யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கு மேல். மூன்றையும் கூட்டினால் வருஷத்துக்கு 2,384 ரூபாய்.

மாமாவிடம் இதைச் சொன்னதும் உடனே மனக்கணக்குப் போட்டார். "பத்து வருஷத்துக்கு இருபத்தி மூவாயிரத்துச் சொச்சம். பதினோராயிரம் போட்டா இரண்டு மடங்கு. வாங்கிடலாம்ல?"

அவசரப்படாதீர்கள் என்றேன். இன்றைக்குக் கொடுக்கும் பதினோராயிரமும் பத்தாவது வருஷம் வரப்போகும் இரண்டாயிரத்துச் சொச்சமும் ஒரே தராசில் நிற்காது. ஏலச்சீட்டு போட்டவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை முதல் மாதங்களில் எடுப்பவர் ஆயிரக்கணக்கில் தள்ளி எடுக்கிறார். பணம் இப்போதே கையில் வேண்டும் என்பதற்காக அவர் கொடுக்கும் விலை அது. கடைசி வரை காத்திருப்பவர் முழுதாக வாங்கிக்கொள்கிறார். பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவதும் அதே தள்ளல்தான்.

எவ்வளவு தள்ளுவது? மாமாவின் பணம் வங்கியில் நிரந்தர வைப்பில் 7 சதவீத வட்டிக்கு இருக்கிறது. ஏசிக்காக எடுத்தால் அந்த வட்டியை இழக்கிறார். ஆகவே அவருக்கு அடுத்த வருஷத்து 107 ரூபாய் இன்றைய 100 ரூபாய். அப்படிப் பார்த்தால் முதல் வருஷத்து மிச்சமான 2,384 ரூபாயின் இன்றைய மதிப்பு 2,228. பத்தாவது வருஷத்து அதே 2,384-க்கு இன்று 1,212 ரூபாய்தான் மதிப்பு. பத்தையும் கூட்டினால் சுமார் 16,750 வருகிறது. ஒவ்வொன்றாக வகுக்க வேண்டியதில்லை: 7 சதவீதம், பத்து வருஷம் என்றால் ஆண்டு மிச்சத்தை 7.02-ஆல் பெருக்கினால் போதும்.

இருபத்து நாலாயிரம் பதினாறே முக்காலாயிரமாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் பதினோராயிரத்தை விடக் கூடுதல்தான். சாதாரணமாக வகுத்தால் நாலரை வருஷத்தில் முதல் திரும்புகிறது. வட்டியையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஆறு வருஷம் ஆகிறது. இதே பதினோராயிரத்தை 14 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிப் போடுகிறவருக்கு மொத்த மிச்சத்தின் இன்றைய மதிப்பு 12,400 ரூபாய்தான். கையில் இருக்கும் பணத்தில் வாங்குவதும் கடனில் வாங்குவதும் இந்தக் கணக்கில் வேறு வேறு.

இத்தோடு நிறுத்தியிருந்தால் மாமாவுக்குப் பாதி உண்மையைத்தான் சொல்லியிருப்பேன். இன்வெர்ட்டர் ஏசியின் பலவீனம் அதன் போர்டு. வெளிப்பெட்டிக்குள் இருக்கும் அந்த மின்னணுப் பலகை வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கில் கிடக்கிறது. இடி மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கம், கடலோரத்து உப்புக்காற்று எல்லாம் அதைத்தான் முதலில் தாக்குகின்றன. பல்லி உள்ளே புகுந்து ஷார்ட் ஆவதும் உண்டு. சாதா ஏசியிலும் கெபாசிட்டர் போகும், ஆனால் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். போர்டு அப்படியல்ல. "பத்து வருஷம் வாரண்டி" என்று பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். போர்டுக்கு எத்தனை வருஷம் என்பதை அட்டையில் தேடிப் படித்தே ஆக வேண்டும். மாமா பார்த்த ஏசியில் போர்டுக்கு ஐந்து வருஷம் போட்டிருந்தது.

ஆறாவது வருஷம் ஒரு முறை போர்டு போவதாகவும், மாற்ற 8,000 ரூபாய் ஆவதாகவும் வைத்துக்கொண்டேன். போகாமலும் இருக்கலாம். ஆனால் வீட்டுக் கணக்கில் கெட்டதற்கு இடம் விடுவதுதான் முறை. அந்த 8,000-க்கும் தள்ளல் உண்டு. இன்றைய மதிப்பு 5,330. அதைக் கழித்தால் 16,750 என்பது 11,400 ஆகிறது. கூடுதல் விலை 11,000. ஆதாயம் நானூறு ரூபாய்!

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நானூறு ரூபாய்க்கா இவ்வளவு கணக்கு, மாப்ள?"

இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருந்தது. இதுவரை மின் கட்டணம் பத்து வருஷமும் ஒரே இடத்தில் நிற்பதாக வைத்திருந்தேன். 2022-ல் ஏறியது, 2024-ல் ஏறியது. ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறும் என்று வைத்தால் மொத்த மிச்சத்தின் இன்றைய மதிப்பு 18,900 ஆகிறது. போர்டு போனாலும் இரண்டாயிரத்து ஐந்நூறு கையில் நிற்கும், போகாவிட்டால் ஏழாயிரத்துச் சொச்சம். இரவில் சத்தம் குறைவு, குளிர் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கும். அவற்றுக்கு நான் விலை போடவில்லை. தூக்கம் கெடும் அத்தைக்கு அவைதான் பெரிதாகப் பட்டன. மாமா ஐந்து ஸ்டாரையே வாங்கினார். நானும் அதையே சொன்னேன்.

ஆனால் கடையில் மூன்றாவதாக ஒன்றும் காட்டினார்கள்: மூன்று ஸ்டார் இன்வெர்ட்டர், விலை 35,000, லேபிளில் 980 யூனிட். நாலாயிரம் மட்டும் கூடக் கொடுத்தால் இன்வெர்ட்டர் கிடைக்கிறதே என்று தோன்றும். கணக்குப் போட்டால் மாமா வீட்டில் அது வருஷத்துக்கு 767 ரூபாய்தான் மிச்சப்படுத்தும். இன்றைய மதிப்பு 5,400. போர்டு போகும் அபாயமோ ஐந்து ஸ்டாருக்கு உள்ள அதே அபாயம், அதே செலவு. ஒரே ஒரு முறை போர்டு போனால் பத்து வருஷ மிச்சமும் அதிலேயே தீர்ந்துவிடும், நாலாயிரம் கைநஷ்டம். என்னைக் கேட்டால் மூன்றில் இதுதான் மோசமான தேர்வு. இன்வெர்ட்டர் என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. லேபிளில் குறையும் யூனிட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஏசியைக் கொஞ்சமாகப் போடும் வீட்டுக்கு விடை தலைகீழாகிவிடும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கத்திரி வெயிலில் மட்டும் நாற்பது இரவுகள், ஆறு மணி நேரம் ஏசி ஓடும். மற்றபடி இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். ஏசியோடு சேர்ந்தும் அவர்கள் 500-ஐத் தாண்டுவதில்லை. ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் அவர்களுக்கு வருஷத்துக்கு 48 யூனிட், 302 ரூபாய் மிச்சப்படுத்தும். பத்து வருஷத்துக்கும் சேர்த்து இன்றைய மதிப்பு 2,100 ரூபாய். அதற்காகப் பதினோராயிரம் கொடுப்பதில் அர்த்தமில்லை. அவர்களுக்குச் சாதா ஏசியே சரி.

மாமாவிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். லேபிள் சொல்வது சோதனைக் கூடத்துக் கணக்கு. வீட்டில் அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்வது, காலை ஆறு மணிக்கு மறுபடி குறிப்பது. ஓர் இரவு ஏசியோடு, அதே வாரத்தில் ஓர் இரவு மின்விசிறியோடு மட்டும். இரண்டு இரவுகளின் வித்தியாசம்தான் ஏசி தின்றது. அந்த ஏசிக்கு லேபிளின்படி எட்டு மணி நேரத்துக்கு நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும். ஏழு எட்டு என்று வந்தால் கம்ப்ரசர் இரவெல்லாம் முழு வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். கதவிடுக்கில் காற்று போகிறதா, வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா, கேஸ் குறைந்திருக்கிறதா, 18 டிகிரியில் வைத்துவிட்டுத் தூங்குகிறார்களா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் இரண்டாவது வாரம் மாமா நோட்டுத் தாளைப் படம் எடுத்து அனுப்பினார். முதல் முறை 5.8 யூனிட் வந்திருந்தது. அறையின் பரண் பக்கத்து ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து, அட்டை வைத்து மறைத்திருந்தார்கள். கண்ணாடி போட்டு, இரவு முழுக்க 25 டிகிரியில் வைத்துப் பார்த்ததில் 3.7 ஆனது.

அந்த வருஷக் கடைசியில் மாடி அறைக்கும் ஓர் ஏசி வேண்டும் என்றார்கள். மகளும் பேரப்பிள்ளைகளும் பள்ளி விடுமுறைக்கு வரும்போது மட்டும் திறக்கும் அறை அது. இந்த முறை மாமா என்னைக் கேட்கவே இல்லை. வாங்கிய பிறகுதான் சொன்னார். "இருபது ராத்திரி, எட்டு மணி நேரம், மணிக்குப் புள்ளி ரெண்டு. முப்பத்திரண்டு யூனிட் மாப்ள. மேல்படி விலையே போட்டாலும் வருஷத்துக்கு நானூறு ரூபாய் தேறாது. சாதா ஏசியையே எடுத்துட்டேன்."